எட்டாம் ஆண்டில் காணாமல் போகும் காப்பீடு

யூலிப் பாலிசி விற்கும் ஏஜென்ட் ஒரு தாளைக் கொடுத்து, படித்துப் பார்த்ததற்கு அடையாளமாக அதில் கையெழுத்தும் வாங்கிக்கொள்வார். பலன் விளக்கத் தாள் என்று அதற்குப் பெயர். கட்டிய பணம் ஆண்டுக்கு 4% வளர்ந்தால் எவ்வளவு ஆகும், 8% வளர்ந்தால் எவ்வளவு ஆகும் என்று அதில் ஆண்டுவாரியாகக் கட்டம் போட்டிருக்கும். வாங்குகிறவரின் கண் நேராகக் கடைசி வரிசைக்குப் போகும். 20 ஆண்டு கழித்து கைக்கு எவ்வளவு வரும் என்பதுதான் அவர் தேடுவது. பேச்சும் பேரமும் அந்த ஒரு எண்ணைச் சுற்றியே நடந்து முடியும்.

அதே தாளில் இன்னொரு கட்டம் இருக்கிறது. அந்த ஆண்டில் பாலிசிதாரர் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சொல்லும் கட்டம் அது. பெயரே காப்பீடு என்று இருக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். அதிலும் எட்டாம் ஆண்டு, ஒன்பதாம் ஆண்டு வரிசைகளை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். டேர்ம் பாலிசியா யூலிப்பா என்ற விவாதத்தில் பெரும்பாலோர் வட்டியையும் லாபத்தையும் பேசுகிறார்கள். உண்மையான வித்தியாசம் அங்கே இல்லை என்பதே என் வாதம். ஒரு குடும்பத்தின் கெட்ட ஆண்டில் இந்த இரண்டும் எப்படி நடந்துகொள்கின்றன என்பதில்தான் அது இருக்கிறது.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசராக வேலை பார்க்கிறார் ஒருவர். வயது 32, மாதச் சம்பளம் 50,000 ரூபாய். மனைவி வீட்டைக் கவனித்துக்கொள்கிறார், இரண்டு சின்னக் குழந்தைகள். 20 லட்சம் ரூபாய்க்கு வீட்டுக் கடன் வாங்கியிருக்கிறார். மாதத் தவணை 17,000 போகும், குடும்பச் செலவு 25,000 ஆகும், மிஞ்சுவது 8,000 சொச்சம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 1 லட்சத்தை என்ன செய்வது என்பதுதான் அவர் முன்னால் இருக்கும் கேள்வி.

யூலிப் என்றால், ஆண்டு பிரீமியம் 1 லட்சம், காலம் 20 ஆண்டு, காப்பீட்டுத் தொகை 10 லட்சம் என்றுதான் பெரும்பாலும் திட்டம் போட்டுத் தருவார்கள். ஏன் 10 லட்சம்? இவருடைய கடனையோ குழந்தைகளின் வயதையோ கணக்குப் பார்த்து வந்த எண் அல்ல அது. 2012 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்த பாலிசிகளில், ஆண்டு பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால்தான் முதிர்வுப் பணத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. பிரீமியத்தைப் போல் பத்து மடங்கு காப்பீடு என்பது வரிச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். அந்தக் குறைந்தபட்சமே வழக்கமாகி, குடும்பத்தின் பாதுகாப்பு என்ற பெயரில் விற்கப்படுகிறது.

அவர் கட்டும் 1 லட்சத்தில் காப்பீட்டுக்காகப் போவது எவ்வளவு என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். இந்திய ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் பயன்படுத்தும் இறப்பு அட்டவணைப்படி, 30 வயதையொட்டியவர்களில் ஓர் ஆண்டில் இறப்பவர் ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஒருவர். எனவே 10 லட்சம் காப்பீட்டின் அடிப்படை விலை ஆண்டுக்குச் சுமார் 1,000 ரூபாய், நிறுவனத்தைப் பொறுத்துச் சற்றுக் கூடலாம். இந்த இறப்புக் கட்டணத்துக்குத் தனியாக ரசீது வராது. மாதாமாதம் அவருடைய யூனிட்டுகளில் கொஞ்சத்தை ரத்து செய்து எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் 99,000 ரூபாயும் முதலீடும் நிர்வாகக் கட்டணமும்தான். காப்பீடு என்று நினைத்து அவர் வாங்குவதில் காப்பீடு நூற்றில் ஒரு பங்கு.

இறப்புக் கட்டணத்தை முழு 10 லட்சத்துக்கும் ஒவ்வோர் ஆண்டும் பிடிக்க மாட்டார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். பரவலாக விற்கும் வகையில், இறந்தால் தருவது காப்பீட்டுத் தொகை, நிதியின் மதிப்பு ஆகிய இரண்டில் எது அதிகமோ அது. இரண்டும் சேர்ந்து கிடைக்காது. முதல் ஆண்டில் நிதியில் 1 லட்சம் இருந்தால், நிறுவனம் தன் கையிலிருந்து போட வேண்டியது 9 லட்சம். நிதி 5 லட்சமானால் நிறுவனத்தின் பொறுப்பு 5 லட்சம். நிதி வளர வளர காப்பீடு தேய்கிறது. கட்டணமும் குறையும் என்பதால் இதில் ஏமாற்று எதுவும் இல்லை, எல்லாம் பாலிசி ஆவணத்தில் எழுதியிருப்பதுதான். ஆனால் இதை எடுத்துச் சொல்லி விற்பவர்கள் குறைவு.

நம் மெர்ச்சன்டைசரின் நிதி ஆண்டுக்கு 8% வளர்கிறது என்றும், எல்லாக் கட்டணமும் போக 6.25% நிற்கிறது என்றும் கொள்வோம். நான்காம் ஆண்டு முடிவில் நிதி சுமார் 4.66 லட்சம் ஆகும். ஏழாம் ஆண்டு முடிவில் 9 லட்சத்தைத் தொடும். எட்டாம் ஆண்டில் 10 லட்சத்தைத் தாண்டிவிடும். அன்றைக்கு நிறுவனத்தின் பொறுப்பு பூஜ்யம். அதற்குப் பிறகு அவர் இறந்தால் குடும்பத்துக்கு வருவது அவரே சேர்த்துவைத்த பணம், வேறொன்றும் இல்லை. அப்போது அவருக்கு வயது 40. பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், வீட்டுக் கடனில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். கையில் பாலிசிப் பத்திரம் இருக்கும், அடுத்த 12 ஆண்டும் பிரீமியம் கட்டிக்கொண்டிருப்பார், ஆனால் அவர் உயிருக்குக் காப்பீடு என்று எதுவும் இருக்காது.

காப்பீட்டுத் தொகை, நிதி இரண்டையும் சேர்த்துத் தரும் யூலிப் வகையும் உண்டு. அதில் காப்பீடு தேயாது, இறப்புக் கட்டணமும் கடைசி வரை வயதோடு ஏறிக்கொண்டே போகும். ஆனால் அங்கேயும் கூடுதலாகக் கிடைப்பது அதே 10 லட்சம்தான்.

இப்போது இன்னொரு வழி. ஆண்டுக்கு 14,000 ரூபாயில் 62 வயது வரை 1 கோடிக்கு டேர்ம் பாலிசி எடுக்கிறார். புகைபிடிக்காத, உடல்நலமுள்ள 32 வயதுக்காரருக்கு இந்தச் சுற்றுவட்டத்தில்தான் பிரீமியம் வரும். நிறுவனத்தையும் வேலையையும் கல்வித் தகுதியையும் பொறுத்துக் கொஞ்சம் ஏறும், இறங்கும். தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு இருந்த 18% ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டதால் முன்பிருந்த அந்தச் சுமையும் இல்லை. மீதி 86,000 ரூபாயைக் குறைந்த கட்டணமுள்ள இண்டெக்ஸ் ஃபண்டில் போடுகிறார். அதே 8% வளர்ச்சி, ஃபண்டின் கட்டணம் போக 7.7% என்று வைத்துக்கொள்வோம்.

அவர் நான்காம் ஆண்டு முடிவில் ஒரு சாலை விபத்தில் இறந்துவிடுகிறார் என்று வையுங்கள். அன்று வீட்டுக் கடனில் ஏறக்குறைய 18 லட்சம் பாக்கி. யூலிப் எடுத்திருந்தால் மனைவி கையில் கிடைப்பது 10 லட்சம். அதில் 4.66 லட்சம் கணவர் சேர்த்ததே, நிறுவனம் சேர்த்துத் தருவது ஐந்தரை லட்சத்துக்கும் கீழே. கடனைக்கூட அடைக்க முடியாது. வீட்டை விற்றாக வேண்டிய நிலைமை வரும், அதன் பிறகும் மாதச் செலவுக்கு வழி தேட வேண்டும். தனித்தனியாக வைத்திருந்தால் டேர்ம் பாலிசியிலிருந்து 1 கோடி, ஃபண்டிலிருந்து 4.15 லட்சம். 18 லட்சம் கடனை அடைத்தது போக 86 லட்சம் மிஞ்சும். குடும்பச் செலவு ஆண்டுக்கு 3 லட்சம். வைப்பில் வரும் வட்டி விலைவாசி உயர்வை மட்டும் ஈடுகட்டினாலே அந்தப் பணம் 28 ஆண்டு தாங்கும். பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்குப் பெரிய தொகை எடுத்தாலும் வீடு வீடாகவே இருக்கும்.

பன்னிரண்டாம் ஆண்டில் நடந்தாலும் இதே கதைதான். யூலிப்பில் நிதி மதிப்பான 18 லட்சம் வரும். தனித்தனி வழியில் 1 கோடியும் அதன் மேல் 17 லட்சமும் வரும். அப்போது அவருக்கு 44 வயது, மூத்த பிள்ளை கல்லூரி வாசலில் நிற்கும் நேரம்.

அவர் இறக்கவில்லை, 20 ஆண்டும் நல்லபடியாகப் போயிற்று என்றால்? இங்கேதான் யூலிப் தரப்பு உற்சாகமாகும். அதையும் நேர்மையாகக் கணக்கிட வேண்டும். யூலிப்பில் சுமார் 40 லட்சம் வரும். ஆண்டு பிரீமியம் இரண்டரை லட்சத்தைத் தாண்டாததால் அதற்கு வரி கிடையாது. தனித்தனி வழியில் ஃபண்டில் 41 லட்சம் சேரும். மொத்தத்தையும் ஒரே ஆண்டில் விற்றால், 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5% வரி. அது போக ஏறத்தாழ 38 லட்சம் நிற்கும். இந்தக் கணக்கில் யூலிப் 2 லட்சம் முந்துகிறது. கட்டணம் கூடுதலான யூலிப்பாக இருந்தால் அந்த 2 லட்சமும் மறைந்து சமமாகிவிடும். பத்தாண்டுக்கு மேற்பட்ட யூலிப்பில் கட்டணங்கள் முதிர்வில் விளைச்சலை 2.25 சதவீதப் புள்ளி வரை குறைக்கலாம் என்று விதியே இடம் தருகிறது. அந்த எல்லையைத் தொட்டால் கிடைப்பது 38 லட்சம்தான்.

அதனால்தான் சொல்கிறேன், முதிர்வுத் தொகையை வைத்து வாதாடுவதில் பயனில்லை. நல்ல ஆண்டுகளில் இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. ஒரு பக்கம் 20 ஆண்டும் 1 கோடிப் பாதுகாப்பு இருந்தது. மறுபக்கம் முதல் ஏழு ஆண்டு மட்டும், அதுவும் தேய்ந்துகொண்டே வந்த ஒரு சின்னப் பாதுகாப்பு இருந்தது. முன்னதற்கு ஆண்டுதோறும் 14,000 செலவழித்த பிறகும் சேமிப்பு ஏறக்குறைய சமமாக வருகிறது என்றால், யூலிப்பின் கட்டணங்கள் அவ்வளவு பணத்தைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

கெட்ட ஆண்டு என்பது மரணம் மட்டும் இல்லை. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, அந்தச் சந்தையை நம்பியிருந்த பின்னலாடைத் தொழில் எவ்வளவு தடுமாறியது என்பது திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். நம் மெர்ச்சன்டைசருக்கு மூன்றாம் ஆண்டில் வேலை போய்விட்டது என்று கொள்வோம். இரண்டு பிரீமியம் கட்டியாயிற்று, மூன்றாவதற்குப் பணமில்லை. யூலிப்பில் ஐந்து ஆண்டு வரை பணத்தை எடுக்க முடியாது. ஒரு மாத அவகாசம் முடிந்ததும், சில ஆயிரம் ரூபாய் கழித்துக்கொண்டு மீதியை நிறுத்தப்பட்ட பாலிசிகளுக்கான தனி நிதிக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே குறைந்தது 4% வட்டி உண்டு. ஐந்தாம் ஆண்டு முடிந்த பின்தான் பணம் கைக்கு வரும். மூன்று ஆண்டுக்குள் பாக்கியைக் கட்டிப் பாலிசியைப் புதுப்பிக்கலாம், அதுவரை காப்பீடு கிடையாது. பணம் தேவைப்படும் நேரத்தில் பணமும் பூட்டிக்கொள்கிறது, குடும்பம் பலவீனமாக இருக்கும் நேரத்தில் பாதுகாப்பும் போய்விடுகிறது. ஒரே கயிற்றில் இரண்டு வாளியைக் கட்டிக் கிணற்றில் இறக்கினால், கயிறு அறுந்த அன்று இரண்டும் சேர்ந்துதான் மூழ்கும்.

தனித்தனியாக வைத்திருப்பவர் அந்த மாதமே எஸ்ஐபியை நிறுத்திவிடலாம், அபராதம் எதுவும் இல்லை. ஃபண்டில் சேர்ந்த பணத்தில் கொஞ்சத்தை எடுத்து வீட்டுச் செலவைப் பார்க்கலாம். டேர்ம் பாலிசியைக் காப்பாற்ற ஆண்டுக்கு 14,000 ரூபாய் போதும். வேலையில்லாத ஆண்டிலும் 1 கோடிப் பாதுகாப்பு அப்படியே நிற்கும். இரண்டையும் பிரித்துவைப்பதற்கு என்னிடம் இருக்கும் ஆகப் பெரிய காரணம் இதுதான். லாபக் கணக்கெல்லாம் இதற்குப் பிறகு.

"உயிரோடு இருந்தால் டேர்ம் பாலிசியில் கட்டிய பணம் போச்சே" என்பதுதான் இதற்கு எல்லோரும் சொல்லும் மறுப்பு. போகத்தான் செய்யும். யூலிப்பில் பிடிக்கும் இறப்புக் கட்டணமும் அதே மாதிரி போன பணம்தான். முதிர்வில் அதைத் திருப்பிக் கொடுக்கும் சில திட்டங்களைத் தவிர மற்றவற்றில் அது யூனிட்டுகளோடு கரைந்துவிடுகிறது, கண்ணில் படாததால் மனம் வலிப்பதில்லை. இந்த வலியைப் போக்கத்தான் பிரீமியத்தைத் திருப்பித் தரும் டேர்ம் பாலிசிகள் வந்தன. 14,000 ரூபாய் பாலிசிக்குப் பதில் ஆண்டுக்கு 26,000 கட்டச் சொல்கிறார்கள் என்று வைப்போம். 30 ஆண்டு கழித்துக் கட்டிய 7.8 லட்சமும் திரும்பி வரும். கூடுதலாகக் கட்டிய 12,000 ரூபாயை ஆண்டுதோறும் பிபிஎஃப் கணக்கில் போட்டிருந்தால் இப்போதைய 7.1% வட்டியிலேயே 12.36 லட்சம் சேர்ந்திருக்கும். திரும்பி வந்தது போலத் தோன்றும் பணத்துக்கு நாலரை லட்சம் விலை கொடுத்திருக்கிறோம்.

போனஸ் தரும் பழைய எண்டோமென்ட் பாலிசிகளை நம் ஊரில் அப்பா காலத்திலிருந்தே நம்புகிறோம். அவற்றில் சந்தை அபாயம் இல்லை, அது உண்மை. ஆனால் போனஸ் எப்படி வளர்கிறது என்று பார்க்க வேண்டும். ஆயிரத்துக்கு 45 ரூபாய் போனஸ் என்றால், அது காப்பீட்டுத் தொகையின் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 45 ரூபாய். பெரும்பாலான திட்டங்களில் சேர்ந்த போனஸுக்கு மேல் மறுபடி போனஸ் ஏறாது, வட்டிக்கு வட்டி கிடையாது. ஆண்டுக்கு 52,000 ரூபாய் கட்டி 10 லட்சத்துக்குப் பாலிசி எடுத்தவருக்கு 20 ஆண்டில் 9 லட்சம் போனஸ் சேர்ந்து 19 லட்சம் வந்தால், அது ஆண்டுக்கு ஐந்தரை சதவீதத்தை எட்டாத வளர்ச்சி. காப்பீடும் யூலிப்பைப் போலவே குறைவு.

யூலிப் இன்று இருக்கும் நிலை முன்பை விட எவ்வளவோ மேல் என்பதை மறுக்கவில்லை. 2010க்கு முன் முதல் ஆண்டுப் பிரீமியத்தில் கணிசமான பகுதி கட்டணமாகவே போனது. அந்த ஆண்டு ஏப்ரலில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, 14 காப்பீட்டு நிறுவனங்கள் தன் அனுமதியின்றி யூலிப் மூலம் பணம் திரட்டக் கூடாது என்று உத்தரவிட்டது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எதிர்த்து நின்றது. ஜூனில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து யூலிப்பைக் காப்பீட்டு ஆணையத்தின் பொறுப்பில் விட்டது. செப்டம்பர் 1 முதல் கட்டணங்களுக்கு உச்சவரம்பும் ஐந்து ஆண்டு பூட்டும் வந்தன. நிதி நிர்வாகக் கட்டணம் ஆண்டுக்கு 1.35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2024இல் அதே காப்பீட்டு ஆணையம், யூலிப்பை முதலீட்டுத் திட்டம் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. யாருக்கு இது பொருந்தும் என்று கேட்டால், தேவையான டேர்ம் காப்பீட்டை ஏற்கெனவே எடுத்துவிட்டவர், 15 ஆண்டுக்குக் குறையாமல் பணத்தைத் தொடாதவர், பங்கிலிருந்து கடன் பத்திரத்துக்கு வரியில்லாமல் மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டும் என்பவர், கட்டணம் குறைந்த திட்டத்தைத் தேடி எடுப்பவர் என்று சொல்வேன். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வங்கியில் லாக்கர் கேட்கப் போய் பாலிசியோடு திரும்பி வருகிறவர்கள் அந்த வகை இல்லை.

ஏஜென்ட்டுகளைக் குறை சொல்வது எளிது. அவருக்குக் கமிஷன் பிரீமியத்தின் சதவீதமாகக் கிடைக்கிறது. 14,000 ரூபாய் பாலிசிக்கும் 1 லட்ச ரூபாய் பாலிசிக்கும் அவர் அலைச்சல் ஒன்றுதான், இரண்டாவதில் வருமானம் கூடுதல். அவர் எதை முதலில் எடுத்து வைப்பார் என்பதில் வியப்பில்லை. அதனால் கேள்வியை நாம்தான் மாற்றிக் கேட்க வேண்டும்: "இந்தத் திட்டத்தில் நான் பத்தாம் ஆண்டில் இறந்தால், என் நிதி போக உங்கள் நிறுவனம் எவ்வளவு தரும்?" நல்ல ஏஜென்ட் தாளைப் பார்த்து நேராகப் பதில் சொல்வார். பேச்சு மறுபடி முதிர்வுத் தொகைக்குத் திரும்பினால் புரிந்துகொள்ளலாம். மார்ச் மாதத்தில் வரி மிச்சம் என்று அவசரப்படுத்துகிறவரிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். புதிய வருமான வரி முறையில் பிரீமியத்துக்குக் கழிவு கிடையாது, அந்த முறையில் இருப்பவருக்கு என்ன மிச்சம்?

"கட்டாயம் இருந்தால்தான் சேமிப்போம், இல்லாவிட்டால் செலவழித்துவிடுவோம்" என்பார்கள் பலர். இதை நான் அலட்சியம் செய்யவில்லை, மனித இயல்பு அதுதான். சந்தை விழும்போது பயந்து எஸ்ஐபியை நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். அப்படிப்பட்டவர் மீதி 86,000 ரூபாயை பிபிஎஃப் கணக்கில் போடட்டும். 15 ஆண்டுக் கட்டு, இடையில் எடுப்பதற்குக் கடுமையான வரம்பு, வட்டிக்கு வரி இல்லை. கட்டாயம் வேண்டுமென்றால் காப்பீட்டு நிறுவனத்திடம் போகாமலே அது கிடைக்கிறது.

டேர்ம் பாலிசியிலும் கோளாறு நடக்கும், பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தில். படிவத்தை ஏஜென்ட்டே நிரப்பி, கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வார். புகைப்பழக்கம் இல்லை, சர்க்கரை இல்லை, வேறு பாலிசி இல்லை என்று எல்லாவற்றுக்கும் இல்லை போட்டிருப்பார். முதல் மூன்று ஆண்டுக்குள் இறப்பு நேர்ந்தால் நிறுவனம் மருத்துவமனைப் பதிவுகளைத் தோண்டும், மறைத்தது தெரிந்தால் பணத்தை மறுக்கும். மூன்று ஆண்டு நிறைந்த பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் கேள்விக்குள்ளாக்க முடியாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவை நம்பிப் பொய் எழுதக் கூடாது, முதல் மூன்று ஆண்டில் வரும் மரணத்துக்கு அது உதவாது. சர்க்கரை இருந்தால் எழுத வேண்டும், பிரீமியம் சில ஆயிரம் கூடும், அவ்வளவுதான். பாலிசி கைக்கு வந்ததும் விண்ணப்பத்தின் நகலும் கூடவே வரும். 30 நாளுக்குள் அதை வரி வரியாகப் படித்து, தவறிருந்தால் எழுத்தில் திருத்தக் கேட்கலாம், பிடிக்காவிட்டால் பாலிசியையே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சொந்தத் தொழில் செய்கிறவர்கள், குறிப்பாகப் பல இடத்தில் கடன் வாங்கி யூனிட் நடத்துகிறவர்கள், பாலிசி எடுக்கும்போதே 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுப்பதாகக் குறிப்பிட வேண்டும். அதற்கென்று ஒரு தனிப் படிவம் இருக்கிறது. அப்படி எடுத்தால் அந்தப் பணம் மனைவி, பிள்ளைகளுக்கானது, கணவருக்குக் கடன் கொடுத்தவர்கள் அதன் மேல் கைவைக்க முடியாது. இதைப் பாலிசி எடுத்த பிறகு சேர்க்க முடியாது.

டேர்ம் பாலிசி எல்லோருக்கும் எளிதாகக் கிடைத்துவிடுவதில்லை என்பது இதன் பெரிய குறை. சம்பளச் சீட்டோ வருமான வரிக் கணக்கோ காட்ட முடியாத தையல் தொழிலாளிக்கோ சாயப்பட்டறைத் தொழிலாளிக்கோ 1 கோடி பாலிசி தர நிறுவனங்கள் முன்வருவதில்லை. அவர்களுக்கு வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சம் தரும் பிரதமரின் ஜீவன் ஜோதித் திட்டம் இருக்கிறது, 18 வயது முதல் 50 வயது வரை சேரலாம். 2021 முதல் எல்லா ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டிய சரள் ஜீவன் பீமா என்ற பொதுவான டேர்ம் பாலிசியும் உண்டு. தொழில், படிப்பு, வசிக்கும் இடம் எதுவும் தடையில்லை, 5 லட்சம் முதல் 25 லட்சம் வரை கிடைக்கும். பிரீமியம் மற்ற டேர்ம் பாலிசிகளை விடக் கூடுதலாக இருக்கலாம், முதல் 45 நாளுக்கு விபத்து மரணத்துக்கு மட்டுமே பணம் வரும். ஆனாலும் இந்தக் குடும்பங்களிடம் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டு லட்சம், ஒன்றரை லட்சத்துக்கு எண்டோமென்ட் பாலிசி விற்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ உயர்ந்தது.

ஏற்கெனவே யூலிப்போ எண்டோமென்ட்டோ எடுத்துவைத்திருப்பவர் இதைப் படித்துவிட்டு நாளைக்கே சரண்டர் செய்யப் போக வேண்டாம். முதலில் புதிய டேர்ம் பாலிசிக்கு விண்ணப்பித்து, மருத்துவப் பரிசோதனை முடிந்து, பாலிசி கைக்கு வர வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் கையில் இருக்கும் சின்னக் காப்பீடும் முக்கியமாகிவிடும். டேர்ம் பாலிசி வந்த பிறகு யூலிப்பில் ஐந்து ஆண்டு முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். முடிந்திருந்து, திட்டத்தின் கட்டணம் அதிகமாகவும் இருந்தால் வெளியேறலாம், குறைவாக இருந்தால் ஒரு ஃபண்டைப் போலத் தொடரலாம். எண்டோமென்ட்டில் சரண்டர் தொகையையும், மேற்கொண்டு பிரீமியம் கட்டாமல் குறைந்த தொகைக்குப் பாலிசியை அப்படியே நிறுத்திவைத்தால் முதிர்வில் கிடைப்பதையும் நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். 2024 அக்டோபருக்குப் பிறகு விற்ற பாலிசிகளில் முதல் ஆண்டுப் பிரீமியம் முழுக்கக் கட்டி, அந்த ஆண்டு முடிந்திருந்தாலே ஏதாவது ஒரு தொகை திரும்பக் கிடைக்கும். முதிர்வுக்கு மூன்று, நான்கு ஆண்டே பாக்கி என்றால் பெரும்பாலும் கட்டி முடிப்பதே லாபம்.

புதிதாக எடுத்த டேர்ம் பாலிசியின் எண்ணையும் நிறுவனத்தின் பெயரையும் மனைவியிடம் சொல்லி, பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று காட்டிவைக்க வேண்டும். பிரீமியம் கட்டும் வங்கிக் கணக்கில் தானியங்கிப் பற்று போட்டுவிட்டு, அந்தத் தேதிக்கு முந்தைய வாரம் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. தவணை தவறிக் காலாவதியான டேர்ம் பாலிசியில் சரண்டர் தொகை என்று எதுவும் கிடையாது, புதுப்பிக்கும்போது வயதும் உடல்நிலையும் மறுபடி கேள்விக்கு வரும்.